அகராதியை மூடி வைத்துப் படித்த அரபு

அறுபத்தாறு வயதில் அரபு கற்கத் தொடங்கினேன் என்று சொன்னால், "எதற்கு சார் இந்த வயதில்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கான பதில் கட்டுரையின் பின்பாதியில் வருகிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்றை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. "இலக்கணம் முழுக்கப் படித்த பிறகும் ஒரு பக்கத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லையே, அதை எப்படித் தாண்டினீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி. எந்த மொழியையும் பாதிவரை கற்றவர்கள் நின்றுபோகும் இடம் அது. நான் அதைத் தாண்டிய விதத்தை எழுதுகிறேன்.

என் பள்ளிப் படிப்பு காரைக்காலில், பிரெஞ்சு மொழியில். வேலை பார்த்தது புதுக்கோட்டை மாவட்ட வருவாய்த் துறையில் எழுத்தராக. அறந்தாங்கிப் பக்கம் பணியாற்றிய காலத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், அம்மாபட்டினம் என்று கடலோர ஊர்கள் அத்தனையும் பழக்கமாயின. வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாடுகளில் இருக்கும் ஊர்கள் அவை. ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கமே வீடு பிடித்துத் தங்கிவிட்டேன். அங்கே ஒரு ஹஜ்ரத்திடம்தான் அரபு கற்றேன்.

அவர் எனக்கு வைத்த பாடநூல் "துரூசுல் லுகத்தில் அரபிய்யா". மதீனா பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்காக எழுதப்பட்டது என்பதால் உலகம் முழுக்க "மதீனா புத்தகங்கள்" என்றே அதற்குப் பெயர். எழுதியவர் நம் வாணியம்பாடியில் 1933ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம். 2023இல் மறைந்தார். உலகமெங்கும் பலர் அரபு இலக்கணத்தைக் கற்றது ஒரு தமிழ்நாட்டுக்காரரின் புத்தகத்தில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மூன்று பாகங்களையும் முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சுப் பள்ளியில் வினைச்சொல் வாய்பாடுகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவனுக்கு அரபு வினைத் திரிபு பயமுறுத்தவில்லை. ஹஜ்ரத் எந்த வினையைக் கொடுத்தாலும் பதினான்கு வடிவங்களையும் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தப் புத்தகங்களின் இயல்பு, குறைந்த சொற்களைக் கொண்டு நிறைய இலக்கணம் கற்பிப்பது. முடித்துவிட்டு ஓர் அரபுச் செய்தித்தாளைப் பிரித்தால் சட்டங்கள் எல்லாம் தெரிகின்றன, சரக்கு தெரியவில்லை.

அந்த நிலை எவ்வளவு பெரியது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நூறு சொற்கள் கொண்ட ஒரு பத்தியில் பதினாறு சொற்கள் தெரியவில்லை. என்னிடம் இருந்தது லாரூஸ் நிறுவனத்தின் "அஸ்ஸபீல்" என்ற அரபு–பிரெஞ்சு அகராதி. அரபு அகராதிகள் பெரும்பாலும் சொல்லின் முதல் எழுத்து வரிசையில் இருப்பதில்லை, வேரெழுத்து வரிசையில் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் என்பதில் "ஐக்கிய" என்பதற்கு அரபில் "முத்தஹிதா". அதை மீம் எழுத்தில் தேடினாலும் கிடைக்காது, தா எழுத்தில் தேடினாலும் கிடைக்காது. அதன் வேர் வாவ்–ஹா–தால், "ஒன்று" என்று பொருள்படும் வேர். வாவ் எழுத்து அடுத்த தாவுக்குள் கரைந்துவிட்டது. ஆகவே அகராதியின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். இப்படி ஒரு சொல்லுக்கு மூன்று நிமிடம் என்றால், ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். பத்தியின் கடைசிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். இதைப் படிப்பு என்று சொல்ல முடியாது, புதையல் தோண்டுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஓராண்டு இப்படியே போனது. ஹஜ்ரத் ஒருநாள் சொன்னார்: "சார், ஸர்ஃபு உங்களுக்குப் போதும். இனிமே சும்மா படிங்க. சின்னப் புள்ளைங்க புத்தகமா பார்த்து நிறையப் படிங்க." ஸர்ஃபு என்பது சொல்லிலக்கணம். அவர் கையில் கொடுத்தது "கஸஸுன் நபிய்யீன்" முதல் பாகம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லக்னோவின் நத்வத்துல் உலமா கல்விக்கூடத்தைச் சேர்ந்த மௌலானா அபுல் ஹசன் அலீ நத்வி, அரபு கற்கும் இந்தியச் சிறுவர்களுக்காக எழுதிய கதை நூல் அது. முதல் பாகத்தில் இப்ராஹீம், யூசுஃப் ஆகியோரின் கதைகள். இரண்டாவதில் நூஹ், ஹூத், ஸாலிஹ். மூன்றாவதில் மூஸா. அத்தியாயங்கள் மிகச் சிறியவை, சில ஒரு பக்கம்கூட இல்லை. எழுதியவர் வேண்டுமென்றே ஒரே சொல்லையும் ஒரே வாக்கிய அமைப்பையும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். பெரியவர்களுக்கு அலுப்புத் தரும் அந்தத் திரும்பக் கூறல்தான் கற்பவருக்கு மருந்து. பாகம் ஏற ஏற வாக்கியங்கள் நீள்கின்றன, சொற்கள் கூடுகின்றன.

இப்படிப் படி வைத்து எழுதும் முறைக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்துக் கதைப் புத்தகங்களைத் தயாரித்தார். புதுச்சொல் ஒன்று வந்தால் அது அடுத்தடுத்த வரிகளில் பலமுறை திரும்பி வர வேண்டும் என்பது அவர் முறை. இன்று ஆங்கிலத்தில் கிடைக்கும் எளிமைப்படுத்திய கதைப் புத்தக வரிசைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

எந்தப் புத்தகம் நம் நிலைக்கு ஏற்றது என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து சொன்னது: உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, நூற்றில் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிது. என் செய்தித்தாளில் ஆறு சொல்லுக்கு ஒன்று புதிதாக இருந்தது. அந்த இடைவெளியை இலக்கணத்தால் நிரப்ப முடியாது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட முறை இது. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொற்களை எண்ணுவேன். அரபில் "மற்றும்" என்பதற்கான வ, "அந்த" என்பதற்கான அல் போன்றவை அடுத்த சொல்லோடு ஒட்டியே வரும். அவற்றைப் பிரிக்காமல், இடைவெளி விட்டு எழுதியதை ஒரு சொல்லாகவே எண்ணுவேன். தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் அது தனியே படிக்கும் புத்தகம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் ஹஜ்ரத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதற்கு மேல் போனால் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். கஸஸுன் நபிய்யீன் முதல் பாகத்தில் எனக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியவில்லை. கதைகளும், பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் சிறுவயதில் கேட்ட ஆபிரகாம், யோசேப்பு கதைகளே. கிணற்றில் தள்ளப்படப் போகிறான் என்று முன்பே தெரிந்திருந்தால் "கிணறு" என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

படிக்கும்போது கையில் ஒரு பென்சில் மட்டும். தெரியாத சொல் வந்தால் அதன் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போக வேண்டும், நிற்கக் கூடாது. அதே சொல் மூன்றாவது முறை வந்து, அப்போதும் விளங்கவில்லை என்றால் மட்டும், படித்து முடித்தபின் அகராதியைத் திறப்பேன். பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு அந்தத் தேவையே வரவில்லை. காலையில் அரை மணி, இரவில் அரை மணி. ஒரு பழைய நோட்டில் தேதி, பக்கம், நிமிடம், புள்ளி என்று நான்கு பத்தி போட்டு எழுதி வந்தேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்! முதல் வாரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது நிமிடம். மூன்றாம் மாதம் நான்கு நிமிடம். தொடர்ந்து ஐந்து பக்கங்களில் நூற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லாமல் போனால் அடுத்த படிக்கு நேரமாயிற்று என்று பொருள். மேலே போன இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்து, கதை மறந்துபோய்ப் பக்கத்தைப் பின்னால் புரட்டத் தொடங்கினால் அது இன்னும் உயரமான படி. கூச்சப்படாமல் கீழே இறங்கிவிடுவேன்.

நான்கு பாகங்களுக்குப் பிறகு எகிப்தின் காமில் கீலானியிடம் போனேன். 1959இல் மறைந்த அவரை அரபுச் சிறுவர் இலக்கியத்தின் தந்தை என்பார்கள். சிந்துபாத் கதை, நம் முல்லாவைப் போன்ற ஜுஹாவின் கதைகள், ஷேக்ஸ்பியர் நாடகக் கதைகள், இந்தியக் கதைகள் என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கிறார். ஹிந்தாவி என்ற எகிப்திய நிறுவனத்தின் இணையதளத்தில் அவர் நூல்கள் பலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கதை முன்பே தெரிந்த நூலாகப் பார்த்து எடுத்தேன். லியர் மன்னனின் மூன்று மகள்களை எந்த மொழியில் படித்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இதே எண்ணத்தில் சிலர் "கலீலா வ திம்னா"வை எடுப்பதுண்டு. நம் பஞ்சதந்திரம்தான் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் அந்த நூலாயிற்று. கரடகன், தமனகன் என்ற நரிகளே கலீலாவும் திம்னாவும். கதை தெரிந்ததுதான், ஆனால் அரபு எட்டாம் நூற்றாண்டு நடை. எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்பது வந்தது. மூடி வைத்தேன். தெரிந்த கதை மட்டும் போதாது, கணக்கும் ஒத்துவர வேண்டும்.

அடுத்தது அரபுக்கே உரிய தடை. சிறுவர் நூல்களில் உயிர்க்குறிகள் முழுவதும் போட்டிருக்கும். பெரியவர்கள் படிக்கும் எதிலும் இருக்காது. காஃப், தா, பா என்ற மூன்று எழுத்தும் குறியில்லாமல் நின்றால் அது "கதப" (எழுதினான்) ஆகலாம், "குதிப" (எழுதப்பட்டது) ஆகலாம், "குதுப்" (புத்தகங்கள்) ஆகலாம். நமக்கு இது புதிதல்ல. பழைய ஓலைகளில் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் தெரியாது. பழகியவர் வாக்கியத்தின் போக்கைக் கொண்டே சரியாக வாசிப்பார். அரபும் அப்படியே. அடுத்த சொல் ஆளாக இருந்தால் அவன் எழுதினான், முன்னால் "பல" என்று இருந்தால் அவை புத்தகங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு என் பேரன் உதவினான். கணினியில் அரபு உயிர்க்குறிகள் ஒவ்வொன்றும் தனி எழுத்தாகவே பதிவாகின்றன. அவற்றை மட்டும் நீக்கச் சொல்லி, நான் ஏற்கெனவே படித்து முடித்த கதைகளைக் குறியில்லாமல் அச்செடுத்துக் கொடுத்தான். குறியோடு ஒருமுறை, ஒரு வாரம் கழித்துக் குறியில்லாமல் ஒருமுறை. நான்கு மாதத்தில் குறிகள் இல்லாதது உறுத்தாமல் போயிற்று. உதடு அசையாமல் கண் மட்டும் ஓடத் தொடங்கியது அப்போதுதான். அரபு சரியாகப் படிகிறது என்பதற்கு நான் கண்ட அடையாளம் அது.

கதை நூல்களால் வராதவையும் உண்டு. சிலை, கிணறு, சிறை, கப்பல் எல்லாம் வரும். வங்கி, ஒப்பந்தம், தேர்தல் வராது. இதற்கு நான் செய்தது, ஒரே பொருளைப் பற்றிய செய்திகளை மட்டும் ஒரு மாதம் தொடர்ந்து படிப்பது. வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றிய செய்திகளை எடுத்துக்கொண்டேன். ஒரே பொருள் என்றால் அதே நாற்பது ஐம்பது சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். அல்ஜசீரா நிறுவனம் அரபு கற்பவர்களுக்காக நிலை பிரித்து நடத்தும் இணையப் பாடங்களும் இந்த இடத்தில் உதவின.

இங்கே நம் தாலுகா அலுவலகம் கைகொடுத்தது. வசூல், பாக்கி, நகல், அசல், வாரிசு, ஜாமீன், தாசில், மகசூல் எல்லாம் அரபிலிருந்து வந்தவை. தாசிலும் மகசூலும் ஹா–ஸாத்–லாம் என்ற ஒரே வேரில் பிறந்தவை என்று தெரிந்தபோது, முப்பத்தைந்து ஆண்டுகள் அரபு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டேன். பொருள் சில இடங்களில் மாறியிருக்கிறது. நாம் சொல்லும் தகராறு அரபில் "தக்ரார்", அதாவது திரும்பச் செய்தல். சண்டையில் சொன்னதையே சொல்வதால் நமக்கு அது அப்படி ஆனதோ என்னவோ!

இப்போது "எதற்கு சார் இந்த வயதில்" என்பதற்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர் என்பதால் மனு எழுத, படிவம் நிரப்ப என்று கடலோர ஊர்க்காரர்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் தாள்களில் பாதி அரபு. அதைப் படிக்கத் தெரியாமல் திருப்பி அனுப்பியதுதான் என்னைக் கற்க வைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் செல்பேசியோடு வந்தார். கணவர் வளைகுடாவில் பதினொரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நேரம். நிறுவனத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "சம்பளச் சான்றுன்னு சொல்றாங்களாம் சார். போட்டுக் குடுத்துட்டா டிக்கெட் தருவாங்களாம். போடலாமான்னு கேக்குறாரு."

ஒரு பக்கம், உயிர்க்குறி ஏதும் இல்லை. தலைப்பில் இரண்டு சொற்கள். இரண்டாவது "நிஹாயிய்யா", இறுதியானது. முதலாவது "முகாலஸா". அந்தச் சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதன் வேரை வளைகுடா போய்வந்த எல்லோரும் சொல்வார்கள்: கலாஸ், முடிந்தது. முன்னால் மு, நடுவில் நீண்ட ஆ, கடைசியில் ஆ என்ற அச்சில் வரும் சொற்களைக் கதைகளில் பலமுறை கண்டிருக்கிறேன். முகாபலா என்றால் ஒருவரை ஒருவர் சந்தித்தல், முகாதபா என்றால் ஒருவருக்கொருவர் எழுதுதல். அப்படியானால் முகாலஸா, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கணக்கு முடித்துக்கொள்வது. சம்பளச் சான்று அல்ல, இறுதிக் கணக்குத் தீர்வு.

உள்ளே ஒரு வினைச்சொல். குறியில்லாததால் "பெற்றேன்", "பெற்றாய்", "பெற்றாள்" என்று எப்படியும் வாசிக்கலாம். ஆனால் வாக்கியம் "கீழே கையொப்பமிடும் நான்" என்று தொடங்குவதால் அது "பெற்றேன்"தான். பணிக்கொடை உட்பட எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையையும் பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது அதன் சாரம். தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"அம்மா, பணம் கைக்கு வந்திருச்சா?" என்றேன். "ஒரு ரூபாகூட வரலை சார்" என்றார்.

மொத்தத் தாளில் எனக்குத் தெரியாதவை ஐந்து சொற்கள். அவற்றை மட்டும் அகராதியில் பார்த்துச் சரிபார்த்தேன். பிறகு அவர் கணவரிடமே பேசினேன். இது என் வாசிப்பு, சட்டப்படியான மொழிபெயர்ப்பு இல்லை, இந்தியத் தூதரகத்தில் தொழிலாளர் நலப் பிரிவில் காட்டுங்கள், அதுவரை கையெழுத்து வேண்டாம் என்றேன். அவர் தூதரகத்தில் காட்டினார். அங்கும் அதையே சொன்னார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே அவர் கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் தாமதமாக வந்தார். அந்தப் பணத்தில்தான் மூத்த பெண்ணின் படிப்பு நடக்கிறது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஊருக்கு வந்ததும் அவர் என்னைப் பார்க்க வந்தார். வளைகுடாப் பேச்சு அரபில் மடமடவென்று பேசினார். எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. "எப்படி இருக்கிறீர்கள்" என்பதற்கு நான் படித்தது "கைஃப ஹாலுக", அவர் சொன்னது "ஷ்லோனக்". எழுத்து அரபு வேறு, பேச்சு அரபு வேறு. எவ்வளவு படித்தாலும் காதுக்குத் தனியாகப் பழக வேண்டும். பதினொரு ஆண்டு அங்கே பேசிய அவருக்கோ, கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் ஒரு வரி தெரியவில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் மாலையில் அவர் வருகிறார். நான் அவரிடம் பேச்சுக் கேட்கிறேன், அவர் என்னிடம் கஸஸுன் நபிய்யீன் முதல் பாகம் படிக்கிறார். ஓதிப் பழகிய எழுத்து என்பதால் கூட்டி வாசிக்கச் சிரமமில்லை. நேற்று அவர் பக்கத்தில் நூற்றுக்கு நான்கு புள்ளிகள் விழுந்தன. தனியே படிக்க இரண்டுக்கு வர வேண்டும். அதுவரை பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.